வடம் பிடித்த எட்டுப் பேர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காணும் பொங்கலன்று எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் கயிறு இழுத்தோம். எங்கள் பக்கம் எட்டு பேர், எல்லோரும் வாட்டசாட்டமானவர்கள். எதிரே நின்றவர்களில் பாதிப் பேர் கல்லூரி போகும் ஒல்லிப் பையன்கள். விசில் ஊதிய முதல் ஐந்து விநாடி நாங்கள் ஜெயிப்பது போலத்தான் இருந்தது. பிறகு கயிறு நின்றது. அதன்பின் ஒவ்வொரு அடியாக, எந்த அவசரமும் இல்லாமல், அந்தப் பையன்கள் எங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். இரண்டாவது சுற்றும் அப்படியே முடிந்தது. மறுநாள் காலையில் என்னால் பல்துலக்கும் கையை மடக்க முடியவில்லை.

அந்தப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற பி.டி. சார் ஒருவர். மோர்ப்பந்தல் ஓரமாக நின்றிருந்தவரிடம் போய், "சார், எங்க தப்பு பண்ணினோம்?" என்று கேட்டேன். என் கையைத் திருப்பிப் பார்த்தார். "நீங்க கையால இழுத்தீங்க தம்பி. அவனுங்க காலால தள்ளினானுங்க" என்றார். கயிறு இழுப்பதில் தள்ளுவது எங்கே வந்தது என்று அப்போது புரியவில்லை. பின்பு அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் மாலைப் பயிற்சிக்கு நாலைந்து நாள் போய் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது.

முதல் நாள் பாடத்தில் கயிறே கிடையாது. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்கவைத்து, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் சாயச் சொன்னார். முழங்கையை மடக்கக் கூடாது, இடுப்பு தொங்கக் கூடாது. குதிகாலிலிருந்து தோள்வரை உடம்பு சாய்த்துவைத்த பலகை மாதிரி இருக்க வேண்டும். சரியாகச் சாய்ந்த ஜோடிகள் சிரமமே இல்லாமல் நின்றார்கள். கையை மடக்கிய ஜோடிகள் அரை நிமிடத்திலேயே நடுங்க ஆரம்பித்தார்கள். முழங்கை மடங்கியிருந்தால் மொத்தப் பாரத்தையும் மேல்கைத் தசை தாங்க வேண்டும். அது சீக்கிரம் ஓய்ந்துபோகும் தசை. கை நீண்டிருந்தால் பாரம் எலும்பு, மூட்டு வழியாகத் தோளுக்கும் முதுகுக்கும் அங்கிருந்து தொடைக்கும் போய்விடுகிறது. கையில் உழைப்பது விரல்கள் மட்டும்தான். அவர் சொன்ன உவமையை இன்றும் மறக்கவில்லை: "கை வாளிக் கொக்கி மாதிரிடா. கொக்கி தண்ணி இறைக்குமா?"

சாய்வதில் அப்படி என்ன லாபம் என்பதை ஒரு சின்னக் கணக்கால் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர், உடம்பைப் பலகைபோல் நேராக வைத்துக்கொண்டு, தரைக்கு 60 பாகைச் சாய்வில் நிற்கிறார். அதாவது, கொஞ்சம்தான் சாய்ந்திருக்கிறார். அவருடைய எடை முழுவதும் குதிகாலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, இடுப்பை ஒட்டிய ஓர் இடத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கயிறு அக்குளை ஒட்டி, குதிகாலிலிருந்து 1.2 மீட்டர் தொலைவில் இருக்கட்டும். குதிகாலைச் சுற்றி உடம்பு எந்தப் பக்கமும் விழாமல் நிற்க வேண்டுமானால் கயிற்றில் அவர் தாங்கும் இழுவிசை சுமார் 29 கிலோ. அதே ஆள் 45 பாகைக்குச் சாய்ந்தால் அது 50 கிலோ ஆகிவிடும். எட்டுப் பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் முதல் நிலையில் 230 கிலோ, இரண்டாவதில் 400 கிலோ. யாருடைய எடையும் கூடவில்லை, ஒருவரும் ஒரு தசையைக்கூடக் கூடுதலாக முறுக்கவில்லை. நாங்கள் எட்டு பேரும் கிட்டத்தட்ட நிமிர்ந்து நின்று, கையை மார்புக்கு இழுத்துக்கொண்டு போராடியது நினைவுக்கு வந்தது. எங்கள் எடை முழுவதும் நேராகத் தரைக்குள் இறங்கி வீணாகிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படியானால் இன்னும் சாய்ந்து, படுத்தே விடலாமே? முடியாது. தரை விடாது. 50 கிலோவைக் கயிற்றில் தாங்கினால் அதே 50 கிலோவைக் குதிகால் தரையில் தள்ளித் தாங்க வேண்டும். காய்ந்த புல்தரையில் தேய்ந்த கேன்வாஸ் ஷூ அதற்கு முன்பே வழுக்கிவிடும். கால் வழுக்கிய கணத்தில் ஆள் உட்கார்ந்துவிடுவார். போட்டி விதிப்படி வேண்டுமென்றே உட்காருவதும், வழுக்கியபின் உடனே எழாமல் இருப்பதும் தவறு. ஆகவே எவ்வளவு சாயலாம் என்பதைக் குதிகால்தான் முடிவுசெய்கிறது. பி.டி. சார் பையன்களை ஆடுகளத்தில் முதலில் நடக்கவிட்டு, குதிகாலை மண்ணில் அழுத்திப் பார்க்கச் சொல்வார். மண் பொலபொலவென்று இருந்தால் சாய்வைக் குறைப்பார். ஈரம் காய்ந்து இறுகிய மண்ணானால் கூட்டுவார். இழுப்பவர் உண்மையில் செய்வது இதைத்தான்: குதிகாலால் பூமியை முன்னால் தள்ளுகிறார், பூமி அவரைப் பின்னால் தள்ளுகிறது. அன்று மோர்ப்பந்தலில் அவர் 'தள்ளினானுங்க' என்றது இதைத்தான்.

சர்வதேச விதிகளிலும் இதே பாடம் எழுதப்பட்டிருக்கிறது. ஓர் அணிக்கு எட்டுப் பேர். கயிற்றின் சுற்றளவு 10 முதல் 12.5 சென்டிமீட்டர், பெரியவர் கையின் விரலும் கட்டைவிரலும் சுற்றிப் பிடித்தால் தொட்டும் தொடாமலும் இருக்கும் பருமன். நீளம் 33.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. எதிரணியை 4 மீட்டர் இழுத்துவந்தால் வெற்றி. இரண்டு கையும் வெறுங்கையாக, உள்ளங்கை மேல்நோக்கி, கயிறு உடம்புக்கும் மேல்கைக்கும் நடுவே போக வேண்டும். பாதங்கள் முழங்காலுக்கு முன்னால் நீண்டிருக்க வேண்டும். கயிற்றில் முடிச்சோ வளையமோ கூடாது. உடம்பில் எந்த இடத்திலும் அதைச் சுற்றிப் பூட்டக் கூடாது. கயிறு தாராளமாக நகர முடியாதபடி எப்படிப் பிடித்தாலும் அது தவறு. இந்தத் தடையைப் படிக்கும்போது ஏதோ சம்பிரதாயம்போல் தோன்றும். இது விரல்களைக் காப்பதற்கான விதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிடியில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு, இரண்டு கைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விடுவது. அப்படிப் பிடித்தால் முன்கை மட்டும் இழுக்கும், பின்கை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கையும் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். கயிறு அக்குளில் அழுந்த, மேல்கை அதை விலாவோடு சேர்த்துக் கவ்வ வேண்டும். பாரத்தில் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடுவதால் விரல்களுக்கு வேலை குறையும். உடும்புப் பிடி என்று நாம் சொல்வோமே, உடும்பு நகத்தால் மட்டுமா பிடிக்கிறது? வயிற்றையும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்றும் அவர் மாற்றினார். நம் ஊரில் ஒருவர் கயிற்றுக்கு இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறிமாறி நிற்பதுதான் பழக்கம். பயிற்சி பெற்ற அணிகள் பெரும்பாலும் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கின்றன. மாறி நின்றால் ஆளுக்கொரு பக்கம் தள்ளி கயிறு பாம்புபோல் நெளியும். நெளிவை நேராக்குவதிலேயே விசை செலவாகும். இடது கைப்பழக்கம் உள்ள ஒரு பையனுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

பிடியும் சாய்வும் இரண்டு நாளில் வந்துவிட்டன. தாளம் வர ஒரு வாரம் பிடித்தது.

பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்சிமிலியன் ரிங்கெல்மான், ஆட்கள் தனியாகவும் கூட்டமாகவும் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று அளந்து பார்த்து, முடிவுகளை 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவர் பங்கும் குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து நின்றபோது, தனித்தனியே இழுத்ததைக் கூட்டினால் வர வேண்டிய அளவில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. ஒருவர் இழுக்கும் கணத்தில் அடுத்தவர் மூச்சு வாங்குவது ஒரு காரணம். மற்றவர்கள் இழுத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு இன்னொரு காரணம். 1974இல் அமெரிக்காவில் வேறு சில ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தி, பின்னால் நிற்பவர்கள் இழுப்பதுபோல் பாசாங்கு மட்டும் செய்தார்கள். அவர் உண்மையில் தனியாகத்தான் இழுக்கிறார், ஆனாலும் அவருடைய இழுப்பு குறைந்தது.

முதல் காரணத்தைத் தாளம் சரிசெய்யும். எதிரணி அசையாமல் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது தாங்குவதற்கும் மேலாக இன்னும் 100 கிலோ வந்தால்தான் அவர்கள் கால் பெயரும். நம் அணியில் ஒவ்வொருவரும் ஓர் உந்தலில் கூடுதலாக 20 கிலோ தரக்கூடியவர். எட்டுப் பேரும் ஒரே நொடியில் உந்தினால் 160 கிலோ. எதிரணியின் கால் நகரும். மூன்று பேர் இப்போதும், மூன்று பேர் அரை நொடி கழித்தும், இரண்டு பேர் அதற்குப் பின்பும் உந்தினால் எந்த நொடியிலும் 60 கிலோவைத் தாண்டாது. எட்டுப் பேரும் முழுமூச்சாக உழைத்திருப்பார்கள். கயிறு இருந்த இடத்திலேயே இருக்கும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் எதற்காக 'ஐலசா' போடுகிறார்கள் என்பதும் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பதிலுக்குக் குரல் கொடுக்கும் அந்தச் சத்தத்தில் இழுப்பு விழுகிற அசை ஒன்று உண்டு. அதற்கு முந்தைய அசைகளில் மூச்சு உள்ளே போகும். பி.டி. சார் பள்ளிக்கு அதைச் சுருக்கி, 'பிடி… போ' என்று வைத்திருந்தார். 'பிடி' என்றால் யாரும் காலை அசைக்கக் கூடாது; சாய்ந்து, பூட்டி, நிதானமாக மூச்சு விட வேண்டும். 'போ' என்றால் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இரண்டு காலாலும் உந்தி, ஒரு சாண் அளவுக்குக் குதிகாலைப் பின்னால் மாற்றி ஊன்ற வேண்டும். பெரிய அடி கூடாது. காலைத் தூக்கிய நேரம் ஒற்றைக்காலில் நிற்கும் நேரம். எதிரணி அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்கும் பிள்ளைகளை முகம் சிவப்பதை வைத்தே கண்டுபிடித்து, உடனே வெளியே கூப்பிட்டுவிடுவார். அப்படி இழுத்தால் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு.

நல்ல அணி பெரும்பாலான நேரம் 'பிடி'யில்தான் இருக்கும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இது சலிப்பாக இருக்கும், கயிறு அசையாது. ஆனால் அந்த நேரத்தில் எதிரே யாராவது ஒருவர் காலை மாற்றுவார், அல்லது ஒருவரின் இடுப்பு தொங்க ஆரம்பிக்கும். அந்த நொடியில் 'போ' சொல்வதுதான் பயிற்சியாளரின் சாமர்த்தியம். அந்தக் காணும் பொங்கலில் எங்கள் ஆள் ஒருவர் கைலியை இறுக்கிக்கட்ட ஒரு கையை எடுத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து 'போ' என்ற சத்தம் அப்போதுதான் வந்தது என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

இனி விரல்களின் கதை.

கயிறு நழுவுகிறது என்று பயந்தால் எவருக்கும் முதலில் தோன்றுவது, அதை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வது. சின்னப் பிள்ளைகள் அனிச்சையாகவே செய்வார்கள். மேலே சொன்ன கணக்கில் பள்ளி அணியின் கயிற்றில்கூட 400 கிலோ நிற்கிறது. எதிரணி ஒரே உந்தலில் இழுத்தால் அந்தச் சுற்று சுருக்குக் கயிறாக இறுகும். விரல் வெளியே வருவதற்குள் எலும்பு நொறுங்கும், துண்டாகவும் ஆகலாம். 2013இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பள்ளி மாணவர்கள் இருவர் இப்படித்தான் விரல்களை இழந்தார்கள். சுற்றாமல் பிடித்தால், மீறிப்போகும்போது கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடும். தோல் எரியும், கொப்புளம் வரும். அவ்வளவுதான். விதிப் புத்தகம் பூட்டக் கூடாது என்று சொல்வது இதற்காக.

கடைசி ஆளுக்கும் இது பொருந்தும். நம் ஊர்ப் போட்டிகளில் கயிற்றின் நுனியில் வளையம் போட்டு அவர் இடுப்பில் மாட்டிவிடுவார்கள். பலசாலிக்குத் தரும் மரியாதை மாதிரி. இழுபட்டு விழுந்தால் அவரால் அதிலிருந்து வெளியே வர முடியாது. முன்னால் விழுந்தவர்கள் மேல் தரதரவென்று இழுத்துச் செல்லப்படுவார். சரியான முறை இப்படி: கயிறு ஓர் அக்குளின் கீழே போய், முதுகைக் குறுக்கே கடந்து, எதிர்த்தோளின் மேல் முன்னால் வந்து, மீண்டும் அக்குள் வழியாகப் பின்னால் போகும். மிச்ச நுனி தரையில் கட்டின்றிக் கிடக்கும். கையைத் தூக்கினால் கயிறு தானாகக் கழன்றுவிடும். பி.டி. சார் கடைசி ஆளாக நிற்கும் பையனைப் பத்துத் தடவையாவது அப்படிக் கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் களத்தில் இறக்குவார்.

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பது தனிக் கதை. 1978இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சாதனை படைப்பதற்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒரே நைலான் கயிற்றை இழுத்தார்கள். அது அறுந்து பலர் காயமடைந்தார்கள், சிலர் விரல்களை இழந்தார்கள். 1995இல் ஜெர்மனியில் சாரணர் முகாமொன்றில் கயிறு அறுந்து இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். 1997 அக்டோபரில் தைவானின் தைபே நகரில் சுமார் 1,600 பேர் இழுத்த நைலான் கயிறு அறுந்தபோது, முன்னால் நின்ற இருவரின் இடக்கை துண்டானது. நைலானின் குற்றம் அதன் பலமின்மை அல்ல, அதன் நீட்சி. இழுக்க இழுக்க ரப்பர்போல் நீண்டு விசையைத் தனக்குள் சேர்த்துவைத்துக்கொள்ளும். அறுந்தால் அந்த விசை முழுவதும் நுனியில் சாட்டையாகத் திரும்பி வரும். மணிலா போன்ற நார்க்கயிறு அவ்வளவு நீளாது. அறுந்தாலும் பெரும்பாலும் காலடியில் விழும்.

ஆள் கூடினால் கயிற்றின் மேல் பாரமும் கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒருவருக்கு 50 கிலோ என்றால் ஒரு பக்கம் நூறு பேர் நிற்கும்போது நடுவில் 5 டன். பொங்கல் கூட்டத்தில், "எல்லாரும் வாங்கடா" என்று ஒருவர் கூப்பிட்டவுடன் ஊரே வந்து தொங்குகிறது. எட்டுப் பேருக்கு வாங்கிய கயிறு அது. முடிச்சுப் போட்டு ஒட்டுப்போட்டிருந்தால் கயிற்றின் பலம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும்.

இழுத்து முடிந்தபின் வரும் பத்து விநாடிதான் எனக்குப் புதிதாக இருந்த பாடம். விசில் ஊதியதும் ஜெயித்தவர்கள் கைதட்டக் கயிற்றை விட்டுவிடுவார்கள். தோற்றவர்கள் இன்னும் சாய்ந்துகொண்டிருப்பார்கள். சாய்ந்த உடம்பைத் தாங்குவது எதிரணியின் இழுப்புதான்; அது போனவுடன் எட்டுப் பேரும் மல்லாந்து விழுவார்கள், பின்மண்டையோ வால் எலும்போ முதலில் தரையைத் தொடும். வேடிக்கைக்காக நடுவில் கயிற்றை விடும் பையன்களுக்கும் இதைச் சொல்லவேண்டும். விசில் ஊதினால் முதலில் உந்துவதை நிறுத்த வேண்டும், பிடியை விடக் கூடாது. இரண்டு அணியும் ஓரடி முன்னால் வந்து, கயிறு தளர்ந்தபின், எல்லோரும் சேர்ந்து கீழே வைக்க வேண்டும். பி.டி. சார் இதையும் ஒரு தாளத்தில் வைத்திருந்தார்: 'பிடி… வா… வை.' தோற்ற நாளிலும் பையன்கள் இதைத் தவறாமல் செய்தார்கள்.

வரும் பொங்கலுக்குக் கயிறு ஏற்பாடு செய்யப்போகிறவர்கள், முந்தைய நாள் மாலை அதை வெயில்பட விரித்து, நாலைந்து இடங்களில் புரியைத் திருகிப் பிரித்து உள்ளே பாருங்கள். உள்நார் பளபளப்பாக, நீளமாக இருந்தால் சரி. தூசியாகக் கொட்டினாலோ, கறுத்திருந்தாலோ, பூஞ்சை வாடை அடித்தாலோ, வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அதைக் கொடிக்கயிறாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.